காய்ச்சல் இல்லாதவரிடமிருந்தும் ஃப்ளூ எப்படித் தொற்றுகிறது?

"மகனுக்கு லேசான தடிமன் மட்டும்தான். அவனிடமிருந்து அம்மம்மாவுக்கு ஃப்ளூ தொற்றுமா?"

ஃப்ளூ வைரஸ் என்றால் தொற்றும். காய்ச்சலும் உடம்பு உளைவும் பெரும்பாலும் வைரஸை எதிர்த்து உடல் காட்டும் எதிர்வினை. அதற்கு முன்பே மூக்கு, தொண்டைச் செல்களில் வைரஸ் பெருகிவிடும். திங்கள் மாலை டியூஷனில் ஒரு பிள்ளைக்குத் தொற்றினால், காய்ச்சல் அநேகமாகப் புதன் மாலைதான் தெரியும். வைரஸோ செவ்வாய் மாலையே வெளியேறத் தொடங்கலாம். அந்த ஒரு நாளில் பிள்ளை உப்புவெளி பஸ்ஸில் நெரிசலில் நிற்கும், அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடும். பேச்சிலும் மூச்சிலுமே நுண்துளிகள் போய்விடும்.

ஏற்கனவே எதிர்ப்புச் சக்தி உள்ள உடலில் காய்ச்சல் வராமலே போகலாம். அப்படியானவர் வெளிவிடும் வைரஸ் பொதுவாகக் குறைவுதான், ஆனால் அவர் வீட்டில் படுக்காமல் ஊரெல்லாம் திரிவார்.

மகன் ஐந்து நாளாவது அம்மம்மாவின் அறையில் படுக்க வேண்டாம். கிட்டப் போனால் மாஸ்க் போடட்டும், யன்னலைத் திறந்து வையுங்கள். அம்மம்மாவுக்குக் காய்ச்சல் கண்டால் 48 மணி நேரத்துக்குள் டொக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூ மருந்து அப்போதுதான் நன்றாகக் கேட்கும்.