ஆண்டின் நடுவில் கனடாவை விட்டு வந்தவர் வருமானத்தைப் பிரிக்கும் முறை

கேள்வி: டொரொன்டோவில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2024 ஆகஸ்ட் 31 அன்று குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அந்த வருஷ வருமானத்தை எட்டு மாசம், நாலு மாசம் என்று விகிதம் போட்டுப் பிரித்தால் போதுமா?

போதாது. கனடாவில் வருமானத்தை விகிதம் போட்டுப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு தொகையும் எந்தத் தேதியில் வந்தது, எங்கே செய்த வேலைக்கு வந்தது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். விகிதம் வருவது தனிநபர் வரிச்சலுகைத் தொகையில் மட்டும்.

முதலில் வெளியேறிய தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் கிளம்பிய நாள், மனைவி மக்கள் கிளம்பிய நாள், புதிய நாட்டில் வசிப்பவராக ஆன நாள் ஆகிய மூன்றில் எது கடைசியோ, பொதுவாக அதுதான் வெளியேறிய தேதி. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் டிசம்பர் வரை அங்கேயே இருந்திருந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். நீங்கள் எல்லோரும் ஒன்றாக வந்திருப்பதால் ஆகஸ்ட் 31 என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தத் தேதியை வரிப் படிவத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

அந்த நாள் வரை உலகில் எங்கிருந்து வந்த வருமானமும் கனடாவின் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு, கனடாவில் செய்த வேலைக்கான சம்பளம் போன்ற சில வகைகள் மட்டுமே படிவத்தில் வரும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எல்லாம் கனடா டாலரில்.

ஆகஸ்ட் வரை சம்பளம் 64,000. அக்டோபரில் பழைய கம்பெனி 6,000 போனஸ் போடுகிறது. பணம் வந்தபோது நீங்கள் சென்னையில் இருந்தாலும், அது கனடாவில் செய்த வேலைக்கான கூலி. ஆகவே அதுவும் படிவத்தில் வரும். சென்னையில் செப்டம்பரிலிருந்து வாங்கும் சம்பளம் வராது.

பலர் தவறுவது வங்கி வட்டியில். வங்கி தரும் T5 சீட்டில் முழு வருஷ வட்டியும் ஒரே தொகையாக, 900 என்று இருக்கும். அதை அப்படியே ஏற்றிவிடக் கூடாது. மாத அறிக்கைகளை எடுத்துக் கூட்டுங்கள். ஆகஸ்ட் வரை 600 என்றால் அதை மட்டும் காட்டுங்கள். மீதி 300, வெளிநாட்டில் வசிப்பவருக்குச் சாதாரண வங்கி தரும் வட்டி என்பதால், கனடாவில் வரியே இல்லை.

பங்குகள் வேறு வகை. 20,000 கொடுத்து வாங்கிய பங்குகள் வெளியேறிய நாளில் 32,000 மதிப்பு என்றால், விற்காவிட்டாலும் அன்று விற்றதாகவே சட்டம் கொள்ளும். லாபம் 12,000, அதில் பாதி 6,000 வரிக்கு உட்பட்டது. ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கும் கனடாவில் உள்ள வீடும் இந்த விதியில் வராது. உங்கள் பங்குகளின் மதிப்பே 25,000-க்கு மேல் என்பதால், சொத்துகளைப் பட்டியலிடும் T1161 படிவமும் கொடுக்க வேண்டும். வரியே கட்ட வேண்டியிருக்காவிட்டாலும், இந்தப் படிவம் தாமதமானால் நாளுக்கு 25 டாலர், அதிகபட்சம் 2,500 வரை அபராதம். கடைசி நாள் 2025 ஏப்ரல் 30.

அதே பங்குகள் டிசம்பரில் 200 ஈவுத்தொகை தந்தால், தரகு நிறுவனமே 25 சதவீதம், அதாவது 50 பிடித்துக்கொண்டு, வெளிநாட்டில் வசிப்பவருக்கான NR4 சீட்டு தரும். அது படிவத்தில் வராது. ஆனால் நீங்கள் வெளிநாடு போய்விட்டதை அவர்களுக்குத் தெரிவிக்காவிட்டால் பிடிக்க மாட்டார்கள், சீட்டும் T5 ஆகவே வரும். NR4 வரவேண்டிய இடத்தில் T5 வந்திருந்தால் தகவல் போய்ச் சேரவில்லை என்று அறியலாம். பிடிக்காத வரிக்குப் பொறுப்பு உங்கள் மேல்தான் நிற்கும்.

ஆக, படிவத்தில் வரும் மொத்தம் 64,000 + 6,000 + 600 + 6,000 = 76,600.

இனி சலுகை. 2024-இல் மத்திய அரசின் அடிப்படைத் தொகை 15,705. நீங்கள் வசித்தது 366 நாளில் 244 நாள், அதாவது சரியாக மூன்றில் இரண்டு பங்கு. எனவே கிடைப்பது 10,470. வெளியேறியதற்குப் பிந்தைய நான்கு மாதத்தில் உங்கள் மொத்த வருமானத்தில் 90 சதவீதமாவது கனடாவில் வரி விதிக்கப்படும் வருமானமாக இருந்தால், அல்லது அந்த நான்கு மாதத்தில் எங்கிருந்தும் வருமானமே இல்லாவிட்டால், முழுத் தொகையையும் கேட்கலாம். சென்னைச் சம்பளம் 12,000 என்று வைத்தால் போனஸ் மூன்றில் ஒரு பங்குதான், உங்களுக்குப் பொருந்தாது. வரி விகிதப் படிகள் நாள் கணக்கில் சுருங்காது என்பது ஆறுதல். மாகாண வரி, வெளியேறிய நாளில் நீங்கள் இருந்த ஒன்டாரியோவுக்கே.

இந்தியாவில் இப்படி ஆண்டைப் பிரிக்கும் முறையே கிடையாது. செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 212 நாள், 182-ஐத் தாண்டிவிட்டதால் 2024-25 முழுவதற்கும் நீங்கள் இங்கே வசிப்பவர். ஆனால் முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தால் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற நிலை கிடைக்கும், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கனடாவில் வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி வராது. போனஸ் மட்டும் முதலில் உங்கள் கனடா வங்கிக் கணக்கிலேயே விழட்டும். நேராகச் சென்னைக் கணக்குக்கு வந்தால், இந்தியாவில் பெற்ற வருமானம் என்று அதற்கு இங்கேயும் வரி கேட்பார்கள்.