கொல்லனும் கொல்லானும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, கொள்ளையர் மிரட்டிப் பூட்டை உடைக்க வைத்த கொல்லனைச் சட்டம் விட்டுவிடுமாம். அதே மிரட்டலுக்குப் பயந்து கொலை செய்தவனை மட்டும் ஏன் விடுவதில்லை?
— வாசகர், நோர்வூட்

பதில்: கொல்லனைப் பற்றிக் கேட்டுப் பழைய புண்ணைக் கிளறிவிட்டீர்கள். ‘தோட்டத்துக்குக் கொல்லன் தேவை’ என்ற விளம்பரம், ஒரு கால் கூடிப்போய், ‘கொல்லான் தேவை’ என்று நமது இதழில் ஒருமுறை வெளிவந்தது. அச்சுக்கோத்தவர்தான் காரணம் என்று பிழைதிருத்துநர் இன்றுவரை சாதிக்கிறார். ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அந்த ஒரு காலில்தான் நிற்கிறது.

நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 87ஆம் பிரிவு, கொல்லனையே உதாரணமாகக் காட்டுகிறது. கவ்வாத்துக் கத்திகளைச் சாணை பிடித்துக்கொண்டிருப்பவரின் கழுத்தில் துப்பாக்கியை வைத்து, களஞ்சியக் கதவைப் பெயர்க்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுத்தால் அந்த இடத்திலேயே உயிர் போகும் என்று அவர் நியாயமாக அஞ்சினால், கதவைப் பெயர்த்தது குற்றமாகாது. ‘நாளை இரவு உன் லயத்துக்குத் தீ வைப்போம்’ என்ற மிரட்டல் போதாது. அவகாசம் இருக்கிறது, பொலிஸுக்குப் போகலாம் என்பது சட்டத்தின் கணக்கு. கும்பலின் குணம் தெரிந்தே அதில் சேர்ந்தவருக்கும், அடிக்குப் பயந்து சேர்ந்தவருக்குங்கூட, இந்தப் பாதுகாப்பு இல்லை. பிள்ளையின் கழுத்தில் கத்தி வைத்தாலும் பிரிவின் சொற்கள் உதவமாட்டா. அவை மிரட்டப்பட்டவரின் சொந்த உயிரை மட்டுமே பேசுகின்றன. பெற்றவர் எவரும் இதை ஏற்கமாட்டார், நானும் ஏற்கவில்லை.

ஆனால் ‘கதவை உடை’ என்றவன் ‘காவலாளியைக் கொல்’ என்றால் நிலைமை மாறிவிடுகிறது. அப்பிரிவு தொடங்கும்போதே கொலையையும், மரண தண்டனைக்குரிய அரச விரோதக் குற்றங்களையும் விலக்கிவிடுகிறது. உடைந்த கதவைவிட ஓர் உயிர் பெரிது என்பதால் முன்னதைச் சட்டம் பொறுத்தது. இங்கோ தராசின் இரு தட்டிலும் உயிரே இருக்கிறது. தனக்கு வந்த சாவை, எதுவும் அறியாத காவலாளியின் தலையில் இறக்கிவைக்கக் கொல்லனுக்கு உரிமை கொடுத்தது யார்?

மிரட்டுபவன் மனிதனாக இல்லாவிட்டாலும் இதே கேள்விதான். நமது சட்டக்கோவை இயற்றப்பட்ட 1883க்கு அடுத்த ஆண்டு, மிக்னொனெட் என்ற படகு மூழ்கி, நால்வர் ஒரு சிறு தோணியில் தவித்தார்கள். இருபதாம் நாள் அளவில், பதினேழு வயதுப் பையனைக் கொன்று மற்றவர்கள் தின்றார்கள். பட்டினியைக் காரணம் காட்டிய இருவருக்கு ஆங்கில நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. குற்றம் குற்றமாகவே நிற்க, இரக்கம் தண்டனையில் மட்டும் காட்டப்பட்டது. இங்கும் கொலைக்கு மரண தண்டனையே விதிக்கப்படுகிறது, 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படாதபோதிலும்.

ஆகவே நம் கொல்லன், காவலாளியைப் பொறுத்தவரை, கொல்லானாகவே இருக்கவேண்டும். ஆனால் அவர் கையில் சம்மட்டி இருக்கிறது. துப்பாக்கியை நீட்டியவன் பக்கத்திலேயே நிற்கிறான். உயிர் காக்க வேறு வழியின்றி அவனையே ஓங்கி அடித்தால் அது தற்காப்பு; அந்த அடியில் அவன் செத்தாலும் குற்றமாகாது.