ஆறு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீடு

கேள்வி: மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போய் இருக்கப்போகிறோம். இங்கே வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். நல்ல பூட்டு வாங்கிவிட்டோம், கேமராவும் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கேமராவைப் பிறகு யோசிக்கலாம், முதலில் தண்ணீரைப் பாருங்கள். நாங்கள் மூன்று மாதம் வெளியே இருந்தபோது வாஷ்பேசினுக்கு அடியில் இருந்த வளையும் ஹோஸ் பிய்ந்துவிட்டது. சாதாரணமாகத் தொட்டி காலியானதும் ஒழுகல் நின்றிருக்கும். எங்கள் மோட்டாரோ தானியங்கி. தொட்டி காலியாகக் காலியாக அதுவும் விடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தது. வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் வருவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அதனால் கிளம்பும் நாளில் மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் வால்வை மூடுங்கள். அப்புறம் குழாய்களைத் திறந்து, உள்ளே தங்கிய தண்ணீரை வடியவிட்டு மூடுங்கள். பழைய வால்வு முழுசாக மூடாமல் சொட்டும். கிளம்பும் நாளில் அது தெரிந்தால் பிளம்பரைத் தேடி அலைய வேண்டும், ஒரு வாரம் முன்பே மூடிப் பாருங்கள்.

குளியலறைத் தரை வடிகாலின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அதுதான். சில வாரங்களில் அது வற்றிவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். ஆறு மாதத்துக்கு இதுவும் போதாது, நடுவில் யாராவது ஊற்றத்தான் வேண்டும்.

ஃபிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணியைச் சொருகிவிடுங்கள். மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அலமாரிகளுக்கும் இதேதான், கதவை ஒருக்களித்து வைத்து, வலை அடித்த மேல் ஜன்னல் ஒன்றைக் காற்றுக்காகத் திறந்து விடுங்கள். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்கு மூடி போடுங்கள். மின்சாரத்தில் கேமராவுக்கான லைனைத் தவிர மற்றதையெல்லாம் அணைத்துவிடலாம்.

பூட்டு விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். வெளியே தொங்கும் பெரிய பூட்டு, ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே சொல்லிவிடும். கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டு நல்லது.

சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். 'அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து வடிகாலில் தண்ணீர் ஊற்றவும், சுவரில் ஈரம், கரையான் மண் தெரிகிறதா என்று பார்க்கவும், வாசலில் சேரும் காகிதங்களை எடுக்கவும் சொல்லுங்கள். வால்வு எங்கே இருக்கிறது என்று நேரிலேயே காட்டிவிடுங்கள்.

வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறதா? பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கும். அப்படி இருந்தால் கிளம்பும் முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.