பாட்டில், அட்டைப்பெட்டி, பேலட்: எது எதைக் காக்கிறது?

கேள்வி: முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை பேக்கேஜிங் என்றால் என்ன? எல்லாவற்றையும் ஒரே லோடாகக் கட்டினால் சேதம் எப்படிக் குறையும்?

ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். எண்ணெயைத் தொடும் பாட்டிலும் மூடியும் முதல்நிலை. 12 பாட்டில்கள் அடங்கிய அட்டைப்பெட்டி இரண்டாம்நிலை. பெட்டிகளைத் தாங்கும் பேலட்டும் சுற்றிய ஸ்ட்ரெச் ஃபிலிமும் மூன்றாம்நிலை.

பெட்டியின் அடிப்பாகம் 400 × 300 மி.மீ. என்றால், 1200 × 1000 மி.மீ. பேலட்டில் ஓர் அடுக்குக்குச் சரியாக 10 பெட்டி அமரும். ஐந்து அடுக்கில் 50 பெட்டி, 600 பாட்டில். லாரியில் ஏற்ற 50 முறை குனிந்து தூக்க வேண்டியதை ஃபோர்க்லிஃப்ட் ஒரே தூக்கில் முடித்துவிடும். கை மாறுவது குறைந்தால் கீழே விழும் வாய்ப்பும் குறைகிறது.

ஆனால் அடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அட்டைப்பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைமேல் மூலை வைத்தால் எடை நேராக இறங்கும். செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி வைத்தால் லோடு சரியாது, ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் பலவீனமான நடுப்பகுதியில் அழுத்தும். அதனால் கீழ் அடுக்குகளை நேராக வைத்து, மேல் அடுக்கை மட்டும் மாற்றி வைப்பது நல்ல வழி. பெட்டி பேலட் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலும் மூலைக்குத் தாங்கல் போய்விடும்.

ஃபிலிமைப் பேலட்டோடு சேர்த்துச் சுற்ற வேண்டும்; இல்லாவிட்டால் லாரி பிரேக் போடும்போது மொத்த லோடும் பேலட்டை விட்டு நகரும். கீழ் அடுக்குப் பெட்டிகள் பக்கவாட்டில் புடைத்திருந்தால், அடுக்கிய முறையை முதலில் பாருங்கள்.