டெர்மினல் வேல்யூவில் வளர்ச்சி இலவசமா? கேள்வி பதில்

கேள்வி: சார், 5-ம் வருஷம் வரி போக லாபம் 20 கோடி, டிஸ்கவுண்ட் ரேட் 12 சதவீதம். அதற்குப் பிறகு என்றென்றைக்குமான வளர்ச்சி, அதாவது டெர்மினல் குரோத்தை 5 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினால், அந்தப் பிற்கால வருஷங்கள் எல்லாவற்றுக்குமான மதிப்பான டெர்மினல் வேல்யூ 300 கோடியிலிருந்து 353 கோடிக்குப் போகிறது. ஒரு சதவீதத்துக்கு இவ்வளவா?

பதில்: உங்கள் ஷீட்டில் வளர்ச்சிக்குச் செலவே இல்லை. அடுத்த வருஷ லாபம் 21 கோடி முழுவதும் கைக்கு வருவதாக வைத்து 7 சதவீதத்தால் வகுத்திருக்கிறீர்கள். வளர வேண்டுமென்றால் லாபத்தில் ஒரு பங்கைத் திரும்பத் தொழிலில் போட வேண்டும்.

```
TV = NOPAT × (1 − g/ROIC) / (r − g)
```

இதில் NOPAT அடுத்த வருஷத்தின் வரி போன லாபம், g டெர்மினல் குரோத், r டிஸ்கவுண்ட் ரேட், ROIC புதிதாகப் போடும் பணம் சம்பாதிக்கும் ரிட்டர்ன். அந்த ரிட்டர்ன் 15 சதவீதம் என்றால், 5 சதவீத வளர்ச்சிக்கு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் 14 கோடி, வேல்யூ 200 கோடி. 6 சதவீதத்துக்கு 40 சதவீதம் போகும், வேல்யூ 212 கோடி. அந்த 15-ஐ 12 ஆக்கிப் பாருங்கள்: குரோத் 5 என்றாலும் 6 என்றாலும் 175 கோடி பக்கத்திலேயே நிற்கும். உங்கள் நேரத்தை குரோத்தைவிட அந்த ரிட்டர்னில் செலவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனி 5-ம் வருஷமும் 40 சதவீதம் வளருது, கேஷ் ஃப்ளோ மைனஸ். டெர்மினல் வேல்யூவும் மைனஸா வருது. வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் இந்த டிசிஎஃப் கணக்கு ஸ்டார்ட்அப்புக்கு ஒத்துவராதுதானே?

பதில்: கணக்கைச் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள். எக்செல்லில் 5-ம் வருஷ நெடுவரிசையைப் பிடித்து வலப்பக்கம் ஒரு கட்டம் இழுத்திருப்பீர்கள். 40 சதவீத வளர்ச்சிக்கு ஆகும் செலவு, 5 சதவீதம் மட்டுமே வளரும் வருஷத்தின் தலையில் விழுந்துவிட்டது. 10 வருஷமாவது நீட்டுங்கள். வளர்ச்சி படிப்படியாக இறங்கட்டும், 18 சதவீத டிஸ்கவுண்ட் ரேட்டில் தொடங்கியிருந்தால் அதுவும் கூடவே 12-க்கு இறங்கட்டும். கடைசி வருஷ முதலீட்டை மேலே உள்ள சூத்திரப்படி புதிதாகப் போடுங்கள். வளர்ச்சி எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதில் என்னிடம் உறுதியான பதில் இல்லை. மூன்று விதமாகப் போட்டுப் பார்த்து, மூன்றையும் காட்டுவேன்.

கேள்வி: இந்தத் தலைவலியே வேண்டாம்னு நான் லாபத்தை 20 மடங்கு போட்டுடுவேன். மார்க்கெட்டே சொல்ற விலை, அனுமானமே இல்லை.

பதில்: மார்க்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அனுமானம் உள்ளேதான் ஒளிந்திருக்கிறது. முதல் கேள்வியின் கம்பெனிக்கு 20 மடங்கு என்றால் 400 கோடி. அதே 12-ம் 15-ம் வைத்துத் திருப்பிப் போட்டால், என்றென்றைக்கும் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் வளர வேண்டும். நான் 10 வருஷ அரசுப் பத்திர வட்டியை மேல் எல்லையாக வைப்பவன், இதை ஏற்க மாட்டேன். இன்றைய மடங்கு வேகமாக வளரும் கம்பெனிகளுடையது. 10-ம் வருஷம் உங்கள் கம்பெனி அந்தக் கூட்டத்தில் இருக்காது.

கேள்வி: என் மாடலில் டெர்மினல் வேல்யூ மொத்தத்தில் 130 சதவீதம். இன்வெஸ்டர் தப்பு என்கிறார்.

பதில்: அதுவே தப்பாகாது. ஆரம்ப வருஷங்கள் 30 கோடி விழுங்கி, டெர்மினல் வேல்யூவின் இன்றைய மதிப்பு 130 கோடி என்றால் மொத்தம் 100 கோடிதானே! அவர் கேட்க வேண்டியது, அந்த 130-க்கு முன்பே கம்பெனி மூடப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பது. அதைத் தனியாகக் கழியுங்கள், டிஸ்கவுண்ட் ரேட்டில் திணிக்காதீர்கள்.