விலைப்புள்ளியில் பண நிபந்தனைகளைத் தமிழில் எழுதுவது

கேள்வி: புதுச்சேரியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கொட்டேஷனில் போடும் அட்வான்ஸ், பேலன்ஸ், நெட் 30 டேஸ், பார்ட் பேமென்ட் ஆகியவற்றை வாடிக்கையாளருக்குப் புரியும் தமிழில் எப்படி எழுதுவது?

முன்பணம், மீதித் தொகை, பகுதித் தொகை என்று மூன்றுக்குச் சொற்கள் உள்ளன. நெட் டேஸ் என்பதற்கு மட்டும் ஒரு முழு வாக்கியம் வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் ஆங்கிலப் படிவத்தைப் படிக்காமலேயே கையெழுத்திடுபவர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். கடலூரிலும் புதுச்சேரியிலும் சில பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். வசூலுக்கு அலைந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பட்டறை, பண்ருட்டி வட்டாரத்து முந்திரி ஆலை ஒன்றுக்குப் பருப்பு உலர்த்தும் போர்மா செய்து கொடுத்தது. விலை 2,00,000 ரூபாய், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 36,000 ரூபாய், ஆக மொத்தம் 2,36,000 ரூபாய். விலைப்புள்ளியைத் தட்டச்சு செய்தவர், ‘40% முன்பணம், தயார்நிலையில் பகுதி கட்டணம், இருப்பு நிகர 30 நாட்கள்’ என்று ஆங்கிலத்தை அப்படியே தமிழில் இறக்கியிருந்தார். ஆலை முதலாளி அதில் கையெழுத்தும் போட்டுவிட்டார். வசூல் நின்ற பிறகுதான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது.

முதல் சிக்கல் 40 விழுக்காட்டில் இருந்தது. பட்டறைக்காரர் வரி சேர்த்த தொகையில் கணக்கிட்டு 94,400 ரூபாய் கேட்டார்; ஆலைக்காரர் வரி சேராத விலையில் கணக்கிட்டு 80,000 ரூபாய் கொடுத்தார். இருவர் கணக்கிலும் பிழையில்லை, தாளில்தான் எதன்மீது என்று எழுதப்படவில்லை. முன்பணத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. நம் ஊரில் அட்வான்ஸ் என்றால் வீட்டு வாடகைக்குக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கும் பணமே முதலில் நினைவுக்கு வரும். அச்சாரம் என்றாலோ, நிலம் வாங்குபவர் பின்வாங்கினால் போய்விடும் பணம் என்பது பொதுவான எண்ணம். பட்டறை வாங்கும் முன்பணம் இவை இரண்டிலும் சேராது. அது விலையில் கழிக்கப்படும் பணம். ஆகவே தொகையை ரூபாயில் எழுதி, அது மொத்தத்தில் கழித்துக்கொள்ளப்படும் என்றும், இரும்பு வெட்டிய பிறகு ஆர்டரை ரத்து செய்தால் அதில் எவ்வளவு திரும்பும் என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது ‘இருப்பு’. வங்கிப் புத்தகத்தில் உள்ள பணத்துக்கு அது பொருந்தும். வாடிக்கையாளர் இனித் தர வேண்டிய பணத்தை இருப்பு என்று யாரும் சொல்வதில்லை. நிலுவை, பாக்கி என்ற சொற்களையும் நான் விலைப்புள்ளியில் தவிர்த்துவிடுவேன். கெடு தாண்டிய பணம் என்ற வாடை அவற்றில் வீசுவதால், இன்னும் சரக்கே பெறாத ஒருவருக்கு அப்படி எழுதினால் முகம் சுளிப்பார். கெடு வரும்வரை மீதித் தொகை என்றும், கெடு கடந்தபின் அனுப்பும் நினைவூட்டலில் நிலுவை என்றும் எழுதினால், சொல்லே நிலைமையைக் காட்டிவிடும். தனித்தமிழ் அன்பர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருக்கலாம். எனக்கு ஆலை மேஸ்திரிக்கும் புரிய வேண்டும்.

பெரிய தகராறு ‘நிகர 30 நாட்கள்’ என்பதில்தான் வந்தது. ஆங்கில வணிக வழக்கில் அதற்கு, தள்ளுபடி ஏதுமின்றி முழுத்தொகையையும் பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்பதே பொதுவான பொருள். தமிழில் நிகரம் என்றால் கழிவு போக மிஞ்சுவது. ஆலைக்காரர், ஞாயிறும் விடுமுறையும் கழித்த நிகர நாட்கள் என்று புரிந்துகொண்டதாகச் சொன்னார். அது சாக்கு என்றே பட்டறைக்காரர் இன்றும் நம்புகிறார். ஆனாலும் அந்தத் தாளைப் படித்தால் அப்படியும் பொருள் கொள்ள முடிகிறது.

விடுமுறையை ஒதுக்கிவிட்டாலும் தொடக்க நாள் தெரியவில்லை. பில் மார்ச் 4, சரக்கு இறங்கியது மார்ச் 19, போர்மாவைப் பொருத்தி ஓட்டிக் காட்டியது ஏப்ரல் 2. முதல் நாளை விட்டு எண்ணினால் கெடு முறையே ஏப்ரல் 3, ஏப்ரல் 18, மே 2 என்று வரும். பட்டறைக்காரர் முதல் தேதியைப் பிடித்துக்கொண்டார், ஆலைக்காரர் கடைசித் தேதியை. இடையில் ஏறத்தாழ ஒரு மாதம். அந்த மாதத்துக் கூலியைப் பட்டறைக்காரர் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தார்.

அதன்பின் அந்தப் பட்டறைக்கு நான் எழுதிக் கொடுத்த வாசகம் இது; தொகைகளை மாற்றி நீங்களும் பயன்படுத்தலாம்:

“வரி உட்பட மொத்தத் தொகை ரூ. 2,36,000. ஆர்டர் தரும்போது முன்பணம் ரூ. 80,000, இது மொத்தத் தொகையில் கழித்துக்கொள்ளப்படும். பொருள் தயாரானதும் எங்கள் பட்டறையில் பார்வையிட்டு, ஏற்றி அனுப்புவதற்கு முன் பகுதித் தொகை ரூ. 1,00,000. மீதித் தொகை ரூ. 56,000-ஐ, சரக்கு உங்கள் இடத்தில் இறங்கிய நாளுக்கு மறுநாளிலிருந்து, விடுமுறை நாட்களையும் சேர்த்து, 30 நாட்களுக்குள் தள்ளுபடியின்றிச் செலுத்த வேண்டும்.”

நீளமாக இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும். சரக்கு இறங்கிய நாளை வைத்ததற்குக் காரணம், செலானில் வாங்குபவர் தேதியோடு கையெழுத்திடுவார் என்பதே. சரக்கு இறங்கியதும் அந்தச் செலானிலேயே ‘கெடு: ஏப்ரல் 18’ என்பதுபோல் தேதியாகவே எழுதிவிடுங்கள்.

உங்கள் பட்டறை உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவினர் ‘90 நாட்கள்’ என்று அச்சடித்த தாளை நீட்டி, தமிழில் விலைப்புள்ளி கொடுத்தால் திருப்பியும் அனுப்புவார்கள். புதுச்சேரியில் ஒரு வாயிற்காவலர் அறையில் அதற்காகவே அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

பகுதித் தொகையைத் தவணை என்று எழுதாதீர்கள். தவணை என்றால் மாதாமாதம் கட்டலாம் என்ற உரிமையை வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். அதைவிட முக்கியம், வரும் பணம் எந்தப் பில்லுக்கு என்பது. ஒரே ஆளிடம் இரண்டு பில்கள் நிற்கும்போது, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி, கொடுப்பவர் குறிப்பிடும் கடனுக்கே அதை வரவு வைக்க வேண்டும். அவர் எதுவும் குறிப்பிடாமல், சூழ்நிலையாலும் தெரியாமல் இருந்தால், 60-ஆம் பிரிவு அந்த உரிமையைப் பணம் பெறுபவருக்குத் தருகிறது. ஆகவே ரசீதில் பில் எண்ணையும் தேதியையும் எழுதி, ‘இந்தப் பில்லில் பகுதியாக ரூ. 20,000 வரவு வைக்கப்பட்டது, மீதி ரூ. 36,000’ என்று குறித்து, அடிக்கட்டையில் கொடுத்தவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். வசூல் வழக்குக்கான மூன்றாண்டுக் காலவரம்பு முடிவதற்குள் கொடுக்கப்பட்ட பகுதித் தொகைக்கு இப்படிக் கையெழுத்து இருந்தால், காலவரம்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்த நாளிலிருந்து காலக்கெடு புதிதாக எண்ணப்படும்.