செவ்விளநீர் நிறத்தில் நிறுத்தினால் டோனர் என்ன செய்யும்?

கேள்வி: எனக்கு நல்ல கறுப்பு முடி, இடுப்பு வரைக்கும் இருக்கு. பார்லர் போகாம வீட்டிலேயே நுனிக்கு மட்டும் ஆம்ப்ரே பண்ணணும், அதான் கறுப்பு கீழே வர வர வெளுத்துக்கிட்டே போற மாதிரி. எவ்வளவு நேரம் வைக்கணும்? ஃப்ரெண்டு பண்ணினா, ஆரஞ்சாப் போச்சு. டோனர் போட்டும் மாறல.

உங்கள் ஃப்ரெண்டு போட்டது ஊதா டோனராக இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் முதல் தடவை அதைத்தான் போட்டேன். செவ்விளநீர் மட்டை நிறத்தில் இருந்த நுனி, இரண்டு பாட்டில் ஊதா ஷாம்பு காலியான பிறகும் செவ்விளநீர் மட்டையாகவே இருந்தது. ஊதா அடக்குவது மஞ்சளை. ஆரஞ்சை அடக்க நீலம் வேண்டும்.

கறுப்பு முடியை ப்ளீச் செய்தால் அது நேராகத் தங்க நிறத்துக்குப் போகாது. முதலில் செங்கல் சிவப்பு, அடுத்து ஆரஞ்சு, அப்புறம் தங்கம் கலந்த ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி வெளிர் மஞ்சள். டோனர் முடியை வெளுக்க வைப்பதில்லை. வந்திருக்கும் நிறத்தின் மேல் ஒரு சாயம் பூசுகிறது, அவ்வளவுதான். அதனால் எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்தை விட நிறம்தான் சொல்லும். நம் ஊர் முடிக்கு, முதல் தடவைக்கு, தங்கம் கலந்த ஆரஞ்சில் நிறுத்தி நீலச் சாயலுள்ள டோனர் போடுவதுதான் என் யோசனை. பனங்கற்கண்டு நிறம் கிடைக்கும். அதைத் தாண்டி வெளிர் மஞ்சள் வரை ஒரே நாளில் இழுத்தால் நுனி நூல் நூலாகப் பிய்ந்து வரும்.

பாளையங்கோட்டையில் ஒரு பார்லரில் நாலு வருஷம் வேலை பார்த்தவள் நான். கல்யாணமாகி இப்போது வள்ளியூர் பக்கம். போன மார்கழியில் எங்கள் மைனிக்கு வீட்டிலேயே செய்தேன். அதை அப்படியே சொல்கிறேன்.

இரண்டு நாள் முன்பே டோனரை ஒரு சொட்டு முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தோம், அரிப்பு வருகிறதா என்று. அன்றைக்கே பிடரிக்குக் கீழே இருந்து பென்சில் கனத்தில் கொஞ்சம் முடியை வெட்டி, நூலால் கட்டி, ப்ளீச்சில் போட்டுப் பார்த்தேன். இந்தச் சோதனையை விடவே கூடாது. மருதாணி என்று கடையில் விற்கும் சில கறுப்புப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அது பட்ட முடி ப்ளீச்சில் கொதிக்கும், பச்சையாகும், உருகியும் போகும். கட்டிய முடி சூடானால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். மைனி முடியில் அந்தத் தொல்லை இல்லை. நாற்பது நிமிஷத்தில் நான் நினைத்த நிறம் வந்தது.

கலவைக்கு முடிக்கான ப்ளீச் பவுடர் 40 கிராம், 20 வால்யூம் டெவலப்பர் 80 மில்லி. 20 வால்யூம் என்றால் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு. முகத்துக்குப் போடும் ப்ளீச்சும் வேண்டாம், கக்கூஸுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். (சிரிக்காதீர்கள், ஒரு பெண் கேட்டே இருக்கிறாள்.) எவர்சில்வர் கிண்ணத்தை விட்டுப் பிளாஸ்டிக் கிண்ணம் எடுங்கள், கையுறை போடுங்கள். கெட்டித் தயிர் பதம் வர வேண்டும். தண்ணீராக இருந்தால் மேலே வழிந்து ஏறி, வேண்டாத இடத்தில் புள்ளி வைக்கும்.

முடியை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கடைசி நாலு விரல்கடையிலும் முழுக்க நனைகிற மாதிரி பூசினேன். மேலாகத் தடவினால் உள்ளே கறுப்பு அப்படியே நிற்கும். பூசியதும் சமையலறை பிளாஸ்டிக் சுருளால் தளர்வாக மூடினேன், ஃபேனையும் நிறுத்தினேன். காற்றில் காய்ந்துவிட்டால் ப்ளீச் வேலை செய்வது நின்றுவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்னதற்கு மைனி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இருபது நிமிஷம் ஆனதும் புதிதாக ஒரு சின்னக் கலவை போட்டு, அதற்கு மேலே மூன்று அங்குலத்துக்குத் தொட்டேன். கோடு விழுவது இங்கேதான். பிரஷைப் படுக்க வைத்து ஒரே உயரத்தில் இழுத்தால் கத்தியால் வெட்டியது போல நிற்கும். அதைச் செங்குத்தாகப் பிடித்து, மேல் நோக்கி மெலிதாக இழுத்து, ஒரு கற்றையில் கொஞ்சம் மேலே, அடுத்ததில் கொஞ்சம் கீழே என்று முடித்தேன். தொடுவதற்கு முன் அந்த இடத்தைச் சீப்பால் மேல்நோக்கிச் சிக்கல் போட்டு வைத்திருந்தேன். சிக்கலுக்குள் போன முடிக்கு ப்ளீச் படாது, கலைத்துவிட்டால் கறுப்பும் வெளுப்பும் தானாகக் கலந்து நிற்கும்.

அதிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு கற்றையை ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். ப்ளீச்சின் நீலப் பசை மேலே இருக்கும்போது நிறம் தெரியாது. ஈரத்தில் அடர்த்தியாகவும் தெரியும். முதல் இருபதில் செங்கல், முப்பதில் செவ்விளநீர், முப்பத்தெட்டில் தங்கம் எட்டிப் பார்த்தது. நாற்பதில் அலசிவிட்டேன். நுனியில் ப்ளீச் ஐம்பது நிமிஷத்தைத் தாண்ட நான் விடுவதில்லை. ஈர முடியை லேசாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பாமல் இருக்கிறதா? நிறம் வராவிட்டாலும் உடனே அலசிவிட வேண்டியதுதான்.

அலசிய தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் அதிகம். ப்ளீச் செய்த முடி அதை உறிஞ்சி மங்கிப் போகும். அதனால் ஆற்றுத் தண்ணீர் இரண்டு குடம் பிடித்து வைத்திருந்தேன். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறதென்றால் உங்களுக்குக் கவலை இல்லை.

துண்டால் ஒற்றிய ஈரத்தில் டோனர். எடுத்தது 7.1. புள்ளிக்குப் பின்னால் வரும் 1 என்பது ஆஷ், அதாவது ஆரஞ்சை அடக்கும் சாயல். முன்னால் உள்ள எண் முடி வந்திருக்கும் வெளுப்போடு ஒத்துப்போக வேண்டும், கூடிவிடக் கூடாது. ஆரஞ்சு முடியில் 9.1 போட்டால் ஒன்றும் தெரியாது. 10 வால்யூம் டெவலப்பரோடு, பெட்டியில் போட்டிருக்கும் அளவில் கலந்தேன். நடுப்பகுதியிலும் பூசினேன், ஆரஞ்சு அங்கேதான் அதிகம் தெரியும். பதினைந்து நிமிஷத்தில் சூடு தணிந்து பழுப்பாகிவிட்டது, எடுத்துவிட்டேன். உங்கள் நுனி மஞ்சள் வரை போயிருந்தால் இதே டோனர் பச்சை தட்டும், நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சைதானே. அப்போதுதான் ஊதாவுக்கு வேலை.

உங்கள் ஃப்ரெண்டுக்கு மறுபடி ப்ளீச் வேண்டியிருக்காது. இப்போது இருக்கும் ஆரஞ்சுக்கு 6.1 இருபது நிமிஷம் வைத்தால் நல்ல பழுப்புக்கு வந்துவிடும்.

மைனி தலையைப் பார்த்த ஆச்சி, “துட்டு குடுத்தா முடியச் செம்பட்டை ஆக்குதிய?” என்றாள். ஆறாவது வாரம் டோனர் இறங்கி ஆரஞ்சு லேசாகத் தலைகாட்டியபோது, அதே ட்யூபில் மீதி இருந்ததைப் புதிதாகக் கலந்து பத்து நிமிஷம் வைத்தேன். கலந்து மீந்ததை மட்டும் எடுத்து வைக்காதீர்கள், அது மறுநாளைக்கு ஆகாது.